பத்தில் ஒன்பது பங்கு அனுப்பியும் வாங்கியவருக்குக் கோபம் ஏன்?

*ஐயா, வணக்கம். ஆத்தங்குடியில் அப்பா காலத்திலிருந்து தரைக்கான சிமென்ட் கல் போடும் பட்டறை எங்களுடையது; இப்போது நான் பார்க்கிறேன். பெங்களூரில் ஒரு கான்ட்ராக்டர் பத்து அங்குலக் கல் கேட்டார். நடுத்தளத்துக்கு 1,296, பார்டரும் மூலையும் சேர்த்து 160. லாரி வாடகை எங்கள் பொறுப்பு. சொன்ன தேதியில் பார்டர் தயாராகவில்லை. காக்க வைக்க வேண்டாமே என்று நடுத்தளக் கல்லை மட்டும் லாரியில் ஏற்றினேன். வாடகை 22,000 ரூபாய். 24 நாள் கழித்து பார்டரை மினி லாரியில் அனுப்பினேன், 14,500. வழியில் உடைந்ததற்குப் பதிலாக 24 கல்லைப் பார்சல் சர்வீஸில் போட்டேன், 3,200. மொத்தத்துக்கும் முதல் லோடிலேயே பில் போட்டதால் அடுத்தவற்றுக்குக் காகிதம் எதுவும் போடவில்லை. அவர் தளம் ஒட்டி முடித்துவிட்டார். ஆனால் 'ஆட்கள் வந்து சும்மா திரும்பினார்கள், பின்னால் வந்த கல் நிறம் ஒத்துப்போகவில்லை' என்று 62,000 பாக்கியை நிறுத்திவிட்டார். சரக்கை இறக்கிக்கொண்ட பிறகு அப்படி நிறுத்தலாமா? இனி 80 சதவீதம் தயாரானால் அனுப்பிவிடலாம் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாமா? கோயம்புத்தூர் ஆர்டர் ஒன்றில் நான்கு அறையில் மூன்று அறைக்குக் கல் தயாராக நிற்கிறது. (பெயர் வேண்டாம்.)*

அன்புள்ள வாசகருக்கு,

80 சதவீத விதியிலிருந்தே தொடங்குகிறேன், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பெங்களூருக்கு முதல் லாரியில் நீங்கள் அனுப்பியது எண்ணிக்கையில் 89 சதவீதம். அதாவது நீங்கள் வைக்க நினைக்கும் விதியை அந்த லோடு தாராளமாகவே தாண்டிவிட்டது. ஆனாலும் அன்று அந்த வீட்டில் ஒரு கல்லைக்கூட ஒட்ட முடியவில்லை. தளம் போடும் மேஸ்திரி அறையின் நடுவில் நூல் பிடித்து, கல்லை உலர விரித்துப் பார்த்து, பார்டர் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்று தெரிந்த பிறகுதான் கலவை குழைப்பார். கையால் போட்ட கல்லில் நூலளவு வித்தியாசம் இருக்கும் என்பதால் பார்டரைக் கையில் வைத்துக்கொண்டுதான் அளவை முடிவு செய்ய வேண்டும். ஆகவே உங்கள் கணக்கில் 89 ஆக இருந்தது, அவர் கணக்கில் பூஜ்யம்.

அது மட்டுமல்ல. வேலை நடக்கும் வீட்டில் 1,296 கல்லை நிறுத்தி அடுக்க இடம் வேண்டும், ஈரமும் சிமென்ட் தண்ணீரும் படாமல் காக்க வேண்டும், பெயின்டரும் எலக்ட்ரீசியனும் அதன் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 24 நாள் உங்கள் குடோன் வேலையை அவர் பார்த்திருக்கிறார். நீங்கள் அனுப்பாமலே இருந்திருந்தால் ஒரு தாமதத்தோடு போயிருக்கும். பாதியை அனுப்பியதில் தாமதமும் இருந்தது, காவல் வேலையும் சேர்ந்தது. சீக்கிரம் ஏதாவது போய்ச் சேர்ந்தால் வாங்குபவர் மனம் குளிரும் என்று பலரும் நினைக்கிறார்கள். வந்தது தனியாகப் பயன்பட்டால் மட்டுமே அது உண்மை.

வாடகை எப்படி ஏறியது

உங்கள் மூன்று வாடகையையும் கல் கணக்கில் வகுத்துப் பாருங்கள். முதல் லாரியில் ஒரு கல்லுக்கு 17 ரூபாய். மினி லாரியில் அதே அளவுள்ள ஒரு பார்டர் கல்லுக்கு 90 ரூபாய்க்கு மேல். பார்சலில் போன கல்லுக்கு 133. தூரம் ஒன்றுதான், கல்லின் எடையும் ஒன்றுதான். வண்டிக்காரர் வாங்குவது கல்லுக்கான கூலி அல்ல. டீசல், சுங்கம், டிரைவர் படி, திரும்பி வரும் ஓட்டம் இவற்றுக்கான பணம். அது அரை டன் ஏற்றினாலும் பெரிதாகக் குறையாது. 'மீதி கொஞ்சம்தானே, வாடகையும் கொஞ்சம்தான் ஆகும்' என்ற எண்ணம் இங்கேதான் சறுக்குகிறது.

முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான கனமுள்ள பத்து அங்குல சிமென்ட் கல் ஏறத்தாழ 3 கிலோ இருக்கும். 160 பார்டர் கல் என்றால் அரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. முதல் லாரியின் ஆர்.சி.யில் உள்ள எடை வரம்பு அனுமதித்திருந்தால் 1,456 கல்லும் அதே 22,000 ரூபாயில் போயிருக்கும். கல்லுக்கு 15 ரூபாய். பிரித்ததால் கூடுதலாகச் செலவானது 14,500, உடைந்ததற்கான பார்சலையும் சேர்த்தால் 17,700. பொறுப்பு உங்களுடையது என்று பேசியிருப்பதால் அது முழுக்க உங்கள் கையிலிருந்து போயிருக்கிறது.

பார்சல் சர்வீஸைப் பற்றி ஒன்று. அங்கே சரக்கு காரைக்குடி அலுவலகத்தில் ஏறி, இடையில் ஒரு குடோனில் இறங்கி, வேறு வண்டியில் மாறி ஏறும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கல்லைப் படுக்கப் போட்டுவிடுவார்கள். நீங்கள் பட்டறையில் வைக்கோல் பரப்பி நிறுத்தி ஏற்றுகிற அக்கறையை அங்கே எதிர்பார்க்க முடியாது. பிரித்து அனுப்பியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், பெங்களூருக்குத் திரும்புகிற லாரியில் ரிட்டர்ன் லோடாகப் பேசுங்கள். மூன்று நான்கு நாள் காத்திருக்க நேரலாம். ஆனால் வாடகை குறையும், சரக்கும் வழியில் வண்டி மாறாது.

உடைந்ததற்காகப் போன 3,200 முழுக்கத் தவிர்த்திருக்கக் கூடிய செலவு. ஒவ்வொரு வகையிலும் நூற்றுக்கு ஐந்து கல் உபரியாக முதல் லோடிலேயே ஏற்றுங்கள். 160 பார்டருக்கு 8, நடுத்தளத்துக்கு 65. உடைந்ததில் மூலைக் கல் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. மூலை ஒரு அறைக்கு நான்குதான் என்பதால் அதில் சதவீதம் பார்க்காமல் இரண்டு கூடப் போடுங்கள். விலையில் அதைச் சேர்த்தே சொல்லலாம். பல வருடம் கழித்து ஒரு கல் விரிசல் விட்டால் அதே நிறத்தில் மாற்றுக் கல் வீட்டிலேயே இருக்கும் என்று எடுத்துச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

பார்டர் ஏன் பின்தங்கியது

நீங்கள் எழுதாவிட்டாலும் ஊகிக்க முடிகிறது. நடுத்தளக் கல் ஒரே அச்சு, இரண்டு மூன்று நிறம், கை பழகிய வேலை. காலையில் தொடங்கினால் வேகமாக எண்ணிக்கை ஏறும். பார்டருக்கும் மூலைக்கும் வேறு அச்சு, கூடுதல் நிறம், நிதானமான கை. அதனால் ஆர்டர் வந்ததும் எளிதானதை முதலில் போட்டுவிட்டு, கடினமானதைக் கடைசிக்குத் தள்ளுகிறோம். கண்ணாடியில் வார்த்த கல் தண்ணீர்த் தொட்டியில் கிடந்து, பிறகு காய்ந்துதான் லாரி ஏற முடியும். அந்த நாட்களைப் பணம் கொடுத்துக் குறைக்க முடியாது. ஆகவே கடைசியில் வார்த்த வகை எதுவோ அதுதான் மொத்த ஆர்டரின் தேதியைத் தீர்மானிக்கிறது.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். மூலை முதலில், பிறகு பார்டர், கடைசியில் நடுத்தளம். அப்போது தாமதம் வந்தாலும் ஒரே வகைக் கல் கொஞ்சம் குறையும், அதை வேகமாக நிரப்பிவிடலாம். வாங்குபவரிடம் தேதி சொல்லும்போதும் நடுத்தளத்தை வைத்துச் சொல்லாமல் பார்டரை வைத்துச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய வைக்கும் நாள் நீளும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் கொட்டேஷனில் அது இருக்கிறதா?

இன்னொரு பழக்கத்தையும் கவனியுங்கள். அவசரத்துக்கு வேறொருவர் ஆர்டருக்காக வைத்திருந்த பார்டரை எடுத்து இவருக்குக் கொடுப்பது. ஒரு பற்றாக்குறை தீர்ந்தது போல இருக்கும். இரண்டு வாரத்தில் அது அடுத்தவர் லோடில் முளைக்கும், அதற்கும் ஒரு மினி லாரி பிடிக்க வேண்டியிருக்கும். தயாரான கல் அடுக்கில் ஆர்டர் எண்ணைச் சாக்பீஸால் எழுதி வைத்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

பணத்தை நிறுத்த அவருக்கு உரிமை உண்டா?

ஓரளவு உண்டு. இங்கே உங்கள் எண்ணத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 38ஆவது பிரிவு, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், தவணை தவணையாக வரும் சரக்கை ஏற்க வாங்குபவர் கடமைப்பட்டவர் அல்ல என்கிறது. 37ஆவது பிரிவின்படி பேசியதைவிடக் குறைவாக வந்தால் அவர் மறுக்கலாம். ஏற்றுக்கொண்டால் ஏற்றதற்கு ஒப்பந்த விலைப்படி பணம் தர வேண்டும். லாரியிலிருந்து இறக்கிக்கொள்வது மட்டும் ஏற்றுக்கொண்டதாக ஆகாது, சோதித்துப் பார்க்க அவருக்கு நியாயமான வாய்ப்பு உண்டு. எனவே முதல் லாரி வந்த அன்றே 'முழுசாக வரட்டும்' என்று அவர் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஆனால் கல்லை ஒட்டி முடித்துவிட்டதால் அவர் ஏற்றுக்கொண்டவராகிறார். இனித் திருப்பித் தர முடியாது. அதற்காக அவர் வாய் அடைபட்டுவிடவில்லை. உங்கள் தவறால் தனக்கு உண்டான இழப்பை விலையிலிருந்து கழித்துக் கேட்க 59ஆவது பிரிவு இடம் தருகிறது. இழப்பு என்றால் ஆட்கள் திரும்பிய நாட்களின் கூலி, நிறம் மாறிய கல்லைச் சரிசெய்ய ஆகும் செலவு போன்ற காட்டக்கூடிய தொகை. 62,000 முழுவதையும் கோபத்துக்காகப் பிடித்து வைக்க அது இடம் தராது.

உங்கள் பட்டறை உத்யம் பதிவு பெற்றிருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. சிறு, குறு தொழில் சட்டப்படி, சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் எவ்வளவு தள்ளிச் சொல்லியிருந்தாலும் ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தவறினால் வட்டியோடு கேட்டு அந்தச் சட்டத்தின்படி அமைந்த வசதியாக்கக் கவுன்சிலில் மனுப் போடலாம். அந்தப் படியை இப்போதே ஏற வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே போனால் முதலில் எழும் கேள்வி சொன்ன தேதிக்கு நீங்கள் ஏன் அனுப்பவில்லை என்பதாகவே இருக்கும். முதலில் கூலிச் சீட்டைக் கேளுங்கள். எத்தனை பேர், எத்தனை நாள் என்று அவர் காட்டும் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை கொஞ்சம் பொறுமை வேண்டும். சிமென்ட் கல் உள்ளே ஈரம் இருக்கும்வரை கருத்துத் தெரியும், பின்னால் ஒட்டியது முன்னால் ஒட்டியதைவிடப் பிந்தித்தான் காயும். முழுக்கக் காய்ந்து, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த பிறகு பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அப்போதும் வித்தியாசம் தெரிந்தால் அது உண்மையான வித்தியாசம். சிமென்ட் மூட்டை மாறினாலும், சாயப் பொடியைக் கண்ணளவில் போட்டாலும் அடுத்த வார்ப்பு வேறு நிறமாகத்தான் வரும். அதைச் சரிசெய்யும் செலவில் பங்கேற்பது நியாயம்.

காகிதம் இல்லாமல் போன இரண்டாம் லோடு

மொத்தத்துக்கும் பில் போட்டாயிற்று என்பதால் மீதிக்குக் காகிதம் வேண்டாம் என்று நினைத்துவிட்டீர்கள். வண்டி வழியில் நிறுத்தப்படாதது அதிர்ஷ்டம். ஒரே ஆர்டர் பல லோடாகப் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 55(5) சொல்கிறது. முதல் லோடு கிளம்பும் முன் முழு பில்; அடுத்து வரும் ஒவ்வொரு லோடுக்கும் அந்தப் பில் எண்ணைக் குறிப்பிட்ட டெலிவரி சலான்; ஒவ்வொரு வண்டியிலும் சலானோடு பில்லின் சான்றளித்த நகல்; கடைசி லோடில் அசல் பில். மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் அந்தந்த வண்டிக்குத் தனியாக வேண்டும்.

இதில் வாங்குபவரின் வயிற்றெரிச்சல் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரு பில்லின் சரக்கு பல லோடாக வந்தால், கடைசி லோடு கைக்கு வந்த பிறகுதான் அவர் வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியும். ஜிஎஸ்டி சட்டம் 16(2) அப்படிச் சொல்கிறது. கான்ட்ராக்டர் அந்த வரவை எடுப்பவராக இருந்தால், 160 கல் வராததால் மொத்த பில்லின் வரவும் அவருக்கு நின்றிருக்கும். ஒவ்வொரு லோடும் தனியாகப் பயன்படும்படி பிரிக்கிறீர்கள் என்றால் லோடுக்கு ஒரு பில் என்று போட்டுவிடுவது இரு பக்கமும் நிம்மதி.

சதவீதத்துக்குப் பதிலாக என்ன விதி?

அறையை அலகாக வையுங்கள். ஒரு அறைக்கான நடுத்தளம், பார்டர், மூலை, உபரி ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அது லாரி ஏறும். ஒரு அறை முழுமையாக இருந்தால் அதை அனுப்பலாம். மேஸ்திரி அன்றே நூல் பிடிப்பார். ஒரு அறையின் கல் எல்லாம் ஒரே சிமென்ட், ஒரே சாயக் கலவையில் வார்த்ததாக இருக்கட்டும். அடுத்த லோடில் நிறம் சற்று மாறினாலும் அந்த மாற்றம் நிலைப்படியில்தான் விழும், யார் கண்ணையும் உறுத்தாது.

மீதியைக் குறித்த பேச்சு கொட்டேஷனிலேயே இருக்க வேண்டும். நீளமாக வேண்டாம், இப்படி நான்கு வரி போதும்:

- அறை முழுமையாகத் தயாரானால்தான் அனுப்பப்படும்.
- சொன்ன தேதி தவறும் என்று தெரிந்தால் குறைந்தது ஏழு நாள் முன்னதாகச் சொல்வோம். காத்திருப்பதா, தயாரான அறையை வாங்கிக்கொள்வதா, வராததை ரத்து செய்வதா என்பது வாங்குபவர் முடிவு.
- எங்கள் தாமதத்தால் பிரித்தால் கூடுதல் வாடகை எங்களுடையது. அவர் கேட்டுப் பிரித்தால் அவருடையது.
- புதிய தேதியும் 15 நாள் தாண்டிப் போனால் வராத கல்லுக்கான முன்பணம் திரும்பத் தரப்படும்.

மூன்றாவது வரியைப் படித்ததும் 'பிரித்தே அனுப்புங்கள்' என்று அவசரப்படும் பலர் 'இரண்டு வாரம்தானே, சேர்த்தே வரட்டும்' என்று இறங்கி வருவார்கள். நான்காவது வரி உங்களுக்குக் கசக்கும். அது இல்லாவிட்டால் மீதிக் கல் முடிவில்லாமல் நிலுவையில் கிடக்கும், பட்டறையில் புது ஆர்டர்தான் முந்தும்.

எடை வரம்பைத் தாண்டி எப்படியும் இரண்டு லாரி தேவைப்படும் பெரிய ஆர்டரில் பிரிப்பதற்குத் தனிச் செலவு இல்லை. அங்கே அறைகளை இரண்டு லாரிக்கும் பங்கிட்டு, மேஸ்திரி முதலில் எந்த அறையில் இறங்கப் போகிறார் என்று கேட்டு அதை முதல் லாரியில் ஏற்றுங்கள்.

கோயம்புத்தூர் ஆர்டர்

தயாராக நிற்கும் மூன்று அறைக்கும் மூலையும் உபரியும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒன்றில் குறைந்தாலும் அதை முழு அறை என்று கணக்கில் வைக்காதீர்கள். பிறகு அவருக்குப் போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: மேஸ்திரி எந்தத் தேதியில் வருகிறார், எந்த அறையில் தொடங்குகிறார்? நாலாவது அறையில் தொடங்குவதாக இருந்தால் மூன்றையும் அனுப்பிப் பயனில்லை, சேர்த்தே ஏற்றுங்கள். மேஸ்திரி வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றாலும் அப்படித்தான், அதற்குள் நாலாவது அறைக் கல் காய்ந்துவிடும், ஒரே வாடகையில் முடியும். அடுத்த வாரமே தயாரான அறைகளில் வேலை தொடங்குகிறது என்றால் மட்டும் மூன்றையும் தனி பில்லோடு அனுப்புங்கள். நாலாவது அறைக்கு ரிட்டர்ன் லோடு பேசி, அதன் தேதியை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கொடுங்கள்.